பிரட்டலின் மேல் பொரித்த கறிவேப்பிலை

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் மதியம் அதிகம் போவது மட்டன் பிரட்டல் சோறுதான். ருசியைக் குறை சொன்னவர் இல்லை. ஆனால் தட்டைப் பார்த்தால் கறியும் பழுப்பு, மசாலாவும் பழுப்பு, பக்கத்தில் மஞ்சள் பருப்பும் வெளுத்த முட்டைக்கோஸும். "ருசி இருந்தா போதும்லா தங்கச்சி" என்பார் மாஸ்டர். அவர் சமையலைத் தொடாமல் தட்டில் வைக்கும் விதத்தை மட்டும் மாற்றினேன்.

பூப்போட்ட மெலமைனை ஒதுக்கிவிட்டு, ஓரம் கொஞ்சம் எழும்பிய வெள்ளைத் தட்டை எடுத்தோம். சோற்றைக் கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்ப்பது எனக்குப் பிடிக்காது. அழுத்தினால் சோறு கட்டிக்கொள்ளும், குழம்பு உள்ளே இறங்காது. கரண்டியால் தளர்வாகக் குவித்தாலே பார்க்க நன்றாயிருக்கும். பருப்பு தனிக் கிண்ணத்தில். முட்டைக்கோஸைத் துளைக்கரண்டியில் அள்ளி நீர் வடிந்த பிறகே வைப்போம். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் ஓடி மசாலாவில் கலந்துவிடும்.

கொஞ்ச நேரம் சூட்டில் இருக்கும் பிரட்டலின் மேற்புறம் காய்ந்து மங்கிப்போகும், எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும். அள்ளுமுன் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு அடியிலிருந்து கிளறினால் மசாலா இளகிப் பளபளப்பு திரும்பும். எலும்புத் துண்டுகளை அடியில் வைத்து, சதைத் துண்டுகளை மேலே சாய்த்துக் குவிக்க வேண்டும். கரண்டியைச் சட்டியின் ஓரத்தில் சாய்த்து எண்ணெயை வடித்துவிட்டு, மசாலாவை மேலே ஒரே ஒரு கரண்டி விட்டால் போதும். கறி மூழ்கிவிட்டால் இத்தனை அடுக்கியதும் வீண்.

பச்சை நிறத்துக்குக் கறிவேப்பிலை. குழம்பில் வெந்த இலை கறுத்துத் தொங்கும், அது உதவாது. கழுவி, ஈரம் போகத் துடைத்து (இல்லையென்றால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும்), காய்ந்த எண்ணெயில் ஒரு கைப்பிடி போடுவேன். சடசடப்பு அடங்கினால் இலையிலுள்ள நீர் போய்விட்டது என்று அர்த்தம். பச்சை மாறுமுன் எடுத்துக் காகிதத்தில் பரப்பிவிட வேண்டும், பழுப்பேறினால் கசக்கும். சூடாக மூடினால் ஆவியில் நமத்துவிடும். ஆறியபின் டப்பாவில் அடைத்தாலும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் ரொம்ப நேரம் மொறுமொறுப்பு நிற்காது, அதனால் மதியத்துக்கு வேண்டியதை மட்டும் பொரிப்பேன்.

அதோடு மெல்லிசாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்த வெங்காயம், பாதி கஸ்தூரி எலுமிச்சை. இரண்டுமே கறியோடு சேர்த்துச் சாப்பிடக்கூடியவை. கேரட்டில் பூ செதுக்கி வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாடிக்கையாளர் அதை ஓரத்தில் தள்ளிவிடுவார், நமக்கு வேலையும் கூடும்.

கடைசியாகத் தட்டின் ஓரத்தை வெந்நீரில் பிழிந்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். தோளில் கிடக்கும் துணி வேண்டவே வேண்டாம்.

தாபாவ் என்றால் இதில் பாதி பலிக்காது. பெட்டியை மூடியதும் ஆவியில் இலை துவண்டுவிடும். அதற்குக் கறிவேப்பிலையையும் வெங்காயத்தையும் தனித்தனிச் சின்னப் பைகளில் கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.