கம்பளத்தில் ஒட்டிய சூயிங்கம்

தயவுசெய்து விரலால் இழுக்காதீர்கள். அதன் அடிப்பொருள் ரப்பர் போன்றது. சூட்டில் இளகி இழைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். நீரிலும் கரையாது.

பனிக்கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதன்மேல் 10, 15 நிமிடங்கள் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் குளிரவேண்டும். இறுகியதும் கரண்டியின் பின்புறத்தால் தட்டி நொறுக்கி, மழுங்கிய கத்தியால் உடனே சுரண்டுங்கள். தாமதித்தால் மறுபடி இளகும். சட்டையென்றால் பையிலிட்டு உறைபெட்டியில் வைத்துவிடலாம்.

பிசுபிசுப்பு எஞ்சினால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றியெடுங்கள். முதலில் மறைவான ஓரத்தில் சாயம் போகிறதா என்று பாருங்கள். கம்பளத்தின்மேல் நேரடியாக ஊற்றவே கூடாது. அடிப்பகுதியின் பசை இளகிவிடலாம். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், அசிட்டேட் துணியையே அது கரைத்துவிடும்.