நுளம்பு வலைக்குள் ஒரு முதலை: ஒரு பக்க முன்மொழிவு எழுதிய அனுபவம்

சிறுவர் அனிமேஷன் தொடர் ஒன்றுக்கான முன்மொழிவாக ஸ்டூடியோ கேட்டது ஒரே ஒரு ஏ4 பக்கம். தலைப்பு, ஒன்லைன், எந்த வயதுப் பிள்ளைகளுக்கான தொடர், வடிவம், தொனி, மூன்று நான்கு அங்கங்களின் கதைச்சுருக்கம், எழுதுபவரைப் பற்றி ஓரிரு வரி. இவ்வளவும் அந்தப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கண்ணுக்கு இதமான அளவில் தமிழ் எழுத்து வைத்தால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 300 சொற்கள்தான் கொள்ளும். என்னிடமோ ஆரையம்பதி வீட்டு விறாந்தையில் அம்மம்மா சொல்லிய கதைகள் ஒரு கொப்பி நிறைய இருந்தன.

கொப்பியில் இருந்தவை பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த கதைகள்தான். குரங்கின் ஈரலுக்கு ஆசைப்பட்ட முதலை, சாயத்தொட்டியில் விழுந்த நரி, யானையை மிரட்டிய முயல். அம்மம்மா அவற்றை எங்கள் ஊருக்குக் குடியேற்றியிருந்தார். அவருடைய முதலை மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கத்தில் வாழ்ந்தது. நரி விழுந்தது மருதமுனை நெசவாளர் ஒருவரின் சாயத்தொட்டியில். கதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பத்துக் கதைகளை வரிசைப்படுத்தினால் அது தொகுப்பு ஆகுமே தவிர, தொடர் ஆகாது. தொடர் என்றால் ஒவ்வோர் அங்கத்திலும் மாறாமல் நடக்கும் ஒன்று வேண்டும். முன்மொழிவைப் படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். அது கிடைத்துவிட்டால் நாம் எழுதாத இருபதாவது அங்கத்தையும் அவரே கற்பனை செய்துகொள்வார்.

அதனால் கதைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவை சொல்லப்பட்ட இரவுகளை நினைவில் இருந்து எழுதத் தொடங்கினேன். எந்தக் கதை எந்த நாளில் வந்தது? தம்பியும் நானும் மாம்பழத்துக்குச் சண்டை பிடித்த இரவில் அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை வந்தது. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லிப் பிடிபட்ட இரவில் சாயம் போன நரி வந்தது. பகலில் நடந்தது அம்மம்மாவுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். கதை முடிந்த பிறகும் “விளங்கியதா?” என்று கேட்டதே இல்லை. தொடருக்கு வேண்டிய இயந்திரம் இதுதான் என்று அப்போது தெரிந்தது: பிள்ளை ஒரு சிக்கலோடு பாய்க்கு வருகிறது, பாட்டி அதைத் தொடாமலே கதையால் பதில் சொல்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குச் சேர்வது வழக்கம் என்பதால், தாயின் தாய் அதே வீட்டில் இருப்பது இயல்பு. விடுமுறைக்கு வந்துபோகும் பாட்டியால் இப்படி நாள் பார்த்துக் கதை தேர்ந்தெடுக்க முடியாது.

பக்கத்தில் அதிக நேரம் எடுத்தது ஒன்லைன். முதல் வடிவம் இது: “கிழக்கிலங்கைக் கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வோர் இரவும் நீதிக்கதைகள் சொல்கிறார்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை, திரையில் என்ன தெரியும் என்பதும் இல்லை. ஊர்ப்பெயரை மாற்றினால் உலகத்தின் எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். கடைசியில் அனுப்பிய வடிவம் இது:

“ஏழு வயதுத் தாரணி பகலில் தீராத ஒரு சிக்கலோடு ஒவ்வோர் இரவும் நுளம்பு வலைக்குள் நுழைகிறாள், அம்மம்மா எதுவும் கேட்காமல் ஒரு கதையைத் தொடங்க, வலைத்துணியில் எழும் நிழல் விலங்குகள் அவளுடைய சிக்கலையே வேறு வேடத்தில் ஆடிக் காட்டுகின்றன.”

யார், என்ன வேண்டும், யார் உதவுகிறார், கண்ணுக்கு என்ன தெரியும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. வலையைத் திரையாக்கும் எண்ணம் இந்த வரியை எழுதும்போதுதான் பிறந்தது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் வலையில் விழும் கை நிழலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை.

வடிவம் பற்றிய பகுதி மூன்றே வரி. ஆனால் தயாரிப்பாளர் அங்கேதான் கணக்குப் போடுகிறார். தொலைக்காட்சிச் சந்தையில் 11 நிமிடம் வீதம் 52 அங்கங்கள் என்பது மிகப் பழகிய அளவு. சிறிய ஸ்டூடியோவிடம் அதைக் கொண்டுபோவது பொருந்தாது. நான் எழுதியது 7 நிமிடம் வீதம் 13 அங்கங்கள், தனித்தனியே பார்க்கக்கூடியவை, 5 முதல் 8 வயது வரை. ஏழு நிமிடத்தில் வீடு ஒன்றரை நிமிடம், கதை நாலரை நிமிடம், மீண்டும் வலைக்குள் ஒரு நிமிடம். வீட்டுக் காட்சிக்குப் பாய், வலை, விளக்கு கொண்ட ஒரே பின்னணியை 13 அங்கங்களுக்கும் பயன்படுத்தலாம். கதைப் பகுதி வெட்டுருவ முறை: கை, கால், தலை என்று துண்டுகளாக வரைந்து மூட்டுகளில் அசைப்பது. ஒவ்வொரு சட்டகத்தையும் புதிதாக வரைவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

தண்ணீர்தான் தடையாக நின்றது. அனிமேஷனில் அலையும் தண்ணீர், கூட்டம், பறக்கும் முடி ஆகியவை பணத்தை விழுங்கும். என் கதைகளில் பாதி வாவியில் நடக்கிறது. அப்போது எங்கள் வீட்டுப் பன்பாயைப் பார்த்து ஒரு வரி சேர்த்தேன்: “வாவி என்பது ஒரு பன்பாய், அதன் நிறப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதே அலை.” செலவுக்கும் அழகுக்கும் ஒரே வரியில் விடை கிடைத்தது. முன்மொழிவில் ஓவியம் பற்றி எழுதும்போது, அதைச் செய்து முடிக்க முடியும் என்று நம்பவைக்கும் ஒரு வரி, வர்ணனைகள் பலவற்றைவிடப் பயன்படும்.

தொனியை எழுதும்போது எல்லோருக்கும் கைக்கு வரும் சொற்கள் “இதமானது, நகைச்சுவை நிறைந்தது, மனதைத் தொடுவது”. இவை எந்தத் தொடருக்கும் ஒட்டும், அதனால் எதையும் சொல்வதில்லை. பெயரடைகளை நீக்கிவிட்டு, தொடர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எழுதினேன்: “பயம் உண்டு, ஆனால் அம்மம்மாவின் கைக்கு எட்டும் தூரத்தில்தான். யாரும் சாவதில்லை. யாரும் பாடம் சொல்வதில்லை. கடைசி நிமிடத்தில் இசை குறைகிறது, காட்சிகள் நீள்கின்றன. பார்க்கும் பிள்ளைக்குக் கொட்டாவி வந்தால் எங்களுக்கு வெற்றி.” படுக்கை நேரத் தொடர் பரபரப்போடு முடிந்தால் பெற்றோர் அதை மறுநாள் போடமாட்டார்கள். ஆகவே அந்தக் கடைசி வரி வெறும் அலங்காரம் அல்ல.

தொனியை நிரூபிப்பது அங்கங்கள்தான். அங்கச் சுருக்கத்தில் முடிவை மறைக்கக் கூடாது. “குரங்கு தப்பியதா?” என்று கேள்வியோடு விடுவது பார்வையாளருக்கான விளம்பரத்துக்குச் சரி. பணம் போடுபவருக்கு, இந்த எழுத்தாளருக்குக் கதையை முடிக்கத் தெரியுமா என்பது தெரிய வேண்டும். பகல் சிக்கல், நிழற்கதை, மறுநாள் மாற்றம் என்ற ஒரே ஒழுங்கில் ஒவ்வொன்றையும் எழுதினேன். முழுதாக ஒன்றைத் தருகிறேன்:

“முதலையின் முதுகு: தாரணி நம்பிச் சொன்ன இரகசியத்தைத் தோழி வகுப்பு முழுவதும் பரப்பிவிட்டாள். வலையில் ஒரு முதலை, நாவல் மரத்துக் குரங்கை விருந்துக்கு அழைத்து முதுகில் ஏற்றுகிறது. நடு வாவியில் ஈரலைக் கேட்கிறது. ஈரலை மரத்தில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் குரங்கு கரை சேர்கிறது. மறுநாளும் முதலை வருகிறது. குரங்கு பழம் போடுகிறது; கீழே இறங்கவில்லை. காலையில் தாரணி தோழியோடு விளையாடப் போகிறாள். புது இரகசியத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள்.”

பழக்கமான கதை குரங்கு தப்பியதோடு முடியும். பழம் போட்டுவிட்டு இறங்காமல் இருக்கும் குரங்கு அம்மம்மாவுடையது. பழைய கதையை எடுத்தால், நம் வீட்டில் மட்டும் சொல்லப்பட்ட அந்தச் சிறு வேறுபாட்டைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும். அதுதான் மற்றவர்களிடம் இல்லாதது.

நரிக் கதையின் முடிவை மாற்றினேன். வழக்கமான கதையில் ஊளையிட்ட நரியை மற்ற விலங்குகள் கொன்றுவிடும். என் பக்கத்தில் மழையில் சாயம் கரைகிறது, தூரத்து நரிகளின் ஊளைக்கு இதுவும் ஊளையிடுகிறது, அவை வந்து கூட்டிச் செல்கின்றன. மூன்றாவது, வயல் காவல் பரணுக்கு வரும் யானையின் கதை. படுவான்கரையில் யானையால் உறவினரை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் யானையைக் கொஞ்சிக் குலாவும் பொம்மையாக்காமல், பரணில் இருக்கும் தாத்தா கடைசிவரை கீழே இறங்காதபடி எழுதினேன்.

இரண்டைச் சேர்க்கவில்லை. கொக்கட்டிச்சோலைக் கோயிலில் கல் நந்தி புல் உண்ட கதை அம்மம்மாவுக்கு மிகப் பிடித்தது. அதை மக்கள் நம்பி வணங்குகிறார்கள். சிரித்து விளையாடும் தொனிக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. பாடும் மீனைச் சேர்க்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் அந்த ஒலி அழகானதுதான், ஆனால் அதில் யாரும் எதற்கும் ஆசைப்படவில்லை. ஆசை இல்லாத இடத்தில் ஏழு நிமிடம் ஓடாது.

அனுப்பும் முன் அம்மம்மாவிடம் பக்கத்தைப் படித்துக் காட்டி அனுமதி கேட்டேன். “கதைக்கு ஆர் சொந்தக்காரர்? கேட்டவரெல்லாம் சொல்லலாம்” என்றார். பழங்கதைகளுக்கு அது சரி. குரங்கு இறங்காத முடிவு அவருடையது. எனவே பக்கத்தின் அடியில் “கதை சொன்னவர்” என்று அவர் பெயரை என் பெயருக்கு மேலே போட்டேன். என்னைப் பற்றிய வரியில் பட்டங்களை விட்டு, இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் என்பதையும், உரையாடலை மட்டக்களப்புப் பேச்சில் எழுதுவேன் என்பதையும் மட்டும் வைத்தேன்.

ஸ்டூடியோவிலிருந்து வந்த பதிலில் ஒரு கேள்வி இருந்தது: தாரணியின் பெற்றோர் எங்கே? நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டங்களில் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் பலர். தாரணியையும் அப்படி வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தால் 13 அங்கங்களும் அந்தப் பிரிவைப் பற்றியவை ஆகிவிடும். முதலையும் நரியும் அதன் கீழ் நசுங்கிப் போகும். ஆகவே பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று பதில் எழுதினேன். கமரா இரவில் வலையை விட்டு வெளியே போவதே இல்லை என்பதால் அவர்களுடைய குரல் மட்டும் கேட்கும். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, இரகசியத்தைப் பரப்பிய அந்தத் தோழி. அவள் ஓர் இரவு தாரணியின் வீட்டில் தங்க வருகிறாள். அது ஒன்பதாவது அங்கம்; அடுத்து அவர்கள் கேட்டிருக்கும் பத்துப் பக்க விரிவான வரைவில் முதலில் எழுதிக்கொண்டிருப்பது அதைத்தான்.