பத்தாம் வகுப்பு அறிவியல் சேனல்: பிளேலிஸ்ட் தலைப்புகளைத் திருத்தப் போய்ப் பட்ட பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளேலிஸ்ட்டின் பெயர் சரியில்லை என்றால் பெயரை மட்டும் மாற்றுங்கள். பிளேலிஸ்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்காதீர்கள். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் `list=PL` என்று தொடங்கும் அதன் முகவரி மாறாது. அழித்துவிட்டாலோ அந்த முகவரி திரும்பக் கிடைக்காது. எங்கள் சேனலைத் தேடலில் மேலே கொண்டுவர "எஸ்.இ.ஓ. பார்த்துத் தருகிறேன்" என்று வந்தவர் பழைய பிளேலிஸ்ட்டுகளில் நான்கை அழித்து, அதே வீடியோக்களை வைத்துப் புதிதாக நான்கு செய்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஆசிரியர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து வைத்திருந்த பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போயின. அதை இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை.

தமிழ்நாடு பாடநூலின் 10-ஆம் வகுப்பு அறிவியலை, 2019-ல் வந்த புதிய புத்தகத்தின்படி, தமிழ் வழியில் நடத்தும் யூடியூப் சேனல் எங்களுடையது. இயற்பியலில் 6 பாடம், வேதியியலில் 5 பாடம், ஆக 11 பிளேலிஸ்ட். வீடியோக்கள் ஓரளவு ஓடின. ஆனால் ஒரு வீடியோவைப் பார்த்த மாணவர் அதே பாடத்தின் அடுத்த வீடியோவுக்கு வருவது குறைவு. பிளேலிஸ்ட்டுகள் தேடலில் தலைகாட்டவே இல்லை. அதைச் சரிசெய்யத்தான் இவ்வளவும்.

சேனல் விவரிப்பிலிருந்து தொடங்கினோம். யூடியூப் ஸ்டூடியோவில் Customization பக்கத்தில் Description என்ற பெட்டி. வந்தவர் எழுதிவைத்திருந்தது "Welcome to our channel" என்று தொடங்கி, இருபது முப்பது தேடுசொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கியிருந்தது. சேனல் பக்கத்தில் முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும், மீதி "...more" என்பதற்குள் போய்விடும். அந்த இரண்டு வரியையும் வரவேற்புரை தின்றுவிட்டது. வெறும் சொல்லடுக்கு யூடியூபின் ஸ்பேம் விதிகளோடு உரசக்கூடியது என்பதால் அதையும் தூக்கினோம்.

பிறகு தமிழில் நிதானமாக எழுதி ஒட்டினால், அளவு மீறிவிட்டது என்று பெட்டி சேமிக்க மறுத்தது. வரம்பு 1000 எழுத்து. நாங்கள் எண்ணியபோது அதற்குள்தான் இருந்தது. சிக்கல் எண்ணும் முறையில். நாம் "வி" என்பதை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். கணினிக்கு அது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு. "இயக்க விதிகள்" நம் கண்ணுக்கு 8 எழுத்து. பைத்தானில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
len("இயக்க விதிகள்")
```

இடைவெளியையும் சேர்த்து 13 என்று வரும். எனவே தமிழில் 1000 என்பது ஏறக்குறைய 100 முதல் 120 சொற்கள்தான். முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும். கடைசியில் முதல் வரிகளாக நின்றவை இவை: "தமிழ்நாடு பாடநூலின்படி 10-ஆம் வகுப்பு அறிவியல், தமிழ் வழியில். இயற்பியல், வேதியியல் 11 பாடங்களும் பாடத்துக்கு ஒரு பிளேலிஸ்ட்டாக, புத்தக வரிசையில்." யாருக்கு, எது, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. மாதிரித் தேர்வு வீடியோக்கள் எப்போது வரும் என்பது போன்றவை கீழே போயின.

அதே இடத்தில் Add language என்று ஒன்று உண்டு. சேனல் பெயரையும் விவரிப்பையும் வேறொரு மொழியில் தனியாகக் கொடுக்கலாம். இடம் போதாத குறைக்கு இது மருந்து என்று ஆங்கிலப் பிரதி ஒன்றைச் சேர்த்தோம். அங்கேதான் எதிர்பாராத அடி. எந்தப் பிரதி யாருக்குத் தெரியும் என்பது பார்ப்பவரின் மொழி அமைப்பைப் பொறுத்தது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டுப் போனில் யூடியூப் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆக, நாங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய தமிழ்ப் பத்தி, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கே தெரியவில்லை. ஆங்கிலப் பிரதியின் முதல் வரியை `10th Science Tamil Medium | தமிழ் வழி | Tamil Nadu State Board` என்று மாற்றியபின்தான் சரியானது. ஆங்கிலப் பிரதியை ஆங்கிலம் படிப்பவருக்கு என்று நினைத்து எழுதாதீர்கள். ஆங்கில மெனு வைத்திருக்கும் தமிழ் மாணவருக்கு எழுதுங்கள்.

அடுத்து பிளேலிஸ்ட் தலைப்புகள். அதிக நேரம் போனது இதில்தான். பயனும் இதில்தான் அதிகம். பழைய பெயர்கள் "Physics Part 1", "முக்கிய வினாக்கள்", "New Videos" என்று இருந்தன. சேனலுக்குள் இருந்து பார்த்தால் அவை புரியும். தேடல் முடிவில் பிளேலிஸ்ட் தனியாக வந்து நிற்கும்போது, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று ஒன்றும் தெரியாது.

அதனால் எல்லாத் தலைப்பையும் "10-ஆம் வகுப்பு அறிவியல் தமிழ் வழி புதிய பாடத்திட்டம்" என்று தொடங்கி, கடைசியில் பாடத்தின் பெயரை வைத்தோம். கணினியில் முழுதாகத் தெரிந்தது, திருப்தியாக இருந்தது. போனில் திறந்தால் பதினொன்றும் ஒரே தலைப்பு! பாடத்தின் பெயர் வருவதற்குள் வரி வெட்டுப்பட்டுவிட்டது. தலைப்புக்கு 150 எழுத்து வரை இடம் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அவ்வளவும் யார் கண்ணிலும் படாது. ஒரு பிளேலிஸ்ட்டை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டும் சொல்தான் முதலில் வரவேண்டும்.

அந்தச் சொல் எது என்பதற்கு நம் ஊகம் உதவாது. அனலிடிக்ஸில் டிராஃபிக் சோர்ஸ் பகுதிக்குப் போய் YouTube search என்பதைத் திறந்தால், நம் வீடியோவுக்கு வந்தவர்கள் தட்டச்சிட்ட சொற்கள் அப்படியே இருக்கும். கூடவே, லாகின் செய்யாத தனி விண்டோவில் தேடல் பெட்டியில் பாதி தட்டிப் பார்த்து, அது எதை நீட்டுகிறது என்று குறித்துக்கொண்டோம். லாகின் செய்த நிலையில் பார்த்தால் நாம் முன்பு தேடியவை வந்து குழப்பும். பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தையே ஆங்கில எழுத்தில், வகுப்பு எண்ணோடும் "1st lesson", "unit 1" போன்ற சொற்களோடும் தேடுகிறார்கள். ஆங்கில வழியில் படித்தாலும் தமிழில் விளக்கம் கேட்க விரும்புபவர்கள் `laws of motion in tamil` என்று வருகிறார்கள். பாடத்தின் தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே தட்டுபவர்களும் உண்டு. இந்த மூன்று வழியையும் ஒரே தலைப்பில் பிடிக்க முயன்று நின்ற வடிவம் இது:

`இயக்க விதிகள் | 10th Science Unit 1 | Laws of Motion in Tamil`

பாடத்தின் பெயர் முன்னால், வகுப்பும் அலகும் நடுவில், ஆங்கிலப் பெயர் கடைசியில். "தமிழ் வழி" என்பதை விவரிப்பின் முதல் வரிக்குத் தள்ளினோம். "சூப்பர்", "100% வெற்றி" போன்றவற்றைத் தேடி யாரும் வருவதில்லை என்பதால் எடுத்துவிட்டோம்.

ஓர் எச்சரிக்கை: பாடப் பெயர்களைப் பாடநூலின் பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். எழுத்துரு காரணமாகச் சில இடங்களில் குறியீடுகளாகக் கொட்டும்; அது உடனே தெரிந்துவிடும். கொம்பு, துணைக்கால் வரிசை மாறி ஒட்டுவதுதான் ஆபத்து. மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றும், தேடும் சொல்லோடு மட்டும் பொருந்தாது. "வேதிவினைகளின் வகைகள்" என்ற பாடத்தில் அப்படித்தான் ஆயிற்று. கையால் தட்டுங்கள், பிறகு அந்தப் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள்.

பிளேலிஸ்ட் விவரிப்புகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. இங்கே 5000 எழுத்து வரை இடம் உண்டு, நிரப்ப வேண்டியதில்லை. முதல் பாடத்துக்கு எழுதியது ஏறக்குறைய இது: "10-ஆம் வகுப்பு அறிவியல், அலகு 1, தமிழ் வழி. நிலைமம், உந்தம், நியூட்டனின் மூன்று விதிகள், திருப்புத்திறன், கணத்தாக்கு, ராக்கெட் ஏவுதல், ஈர்ப்பியல் விதி ஆகியவை 9 வீடியோக்களில். முதல் வீடியோவிலிருந்து வரிசையாகப் பாருங்கள். கணக்குகள் மட்டும் வேண்டுமென்றால் 8-ம் 9-ம்." தலைப்பில் இடமில்லாத உட்தலைப்புகளுக்கு இதுவே சரியான இடம், அவையும் வாக்கியத்துக்குள் இயல்பாக வருகின்றன. வேதியியல் விவரிப்புகளில் இருந்த வினைகளை வீடியோ விவரிப்புகளிலும் ஒட்டினோம். அங்கே `->` என்ற அம்புக்குறியைப் பெட்டி ஏற்கவில்லை, ஏனென்றால் கோணக்குறிகளுக்கு அனுமதியில்லை. `→` போட்டதும் ஏற்றுக்கொண்டது.

"வரிசையாகப் பாருங்கள்" என்று எழுதிவிட்டு, வரிசையைச் சரிபார்க்க மறந்துவிட்டோம். புதிய வீடியோ மேலே சேரும்படி அமைப்பு இருந்ததால் ராக்கெட் முதலிலும் நிலைமம் கடைசியிலும் நின்றன. ஒரு மாணவி கமென்ட்டில் கேட்டபிறகே தெரிந்தது. வரிசையைக் கையால் அடுக்கும் முறைக்கு மாற்றி, மேலே சேர்ப்பதை நிறுத்தினோம். அதிகாரப்பூர்வத் தொடர் என்று குறிக்கும் வசதியிலும் ஒரு முடிச்சு உண்டு: ஒரு வீடியோ ஒரே ஒரு தொடரில்தான் இருக்க முடியும். "10-ஆம் வகுப்பு முழுவதும்" என்ற பெரிய பட்டியலை முன்பே தொடராக்கியிருந்ததால், பாடவாரியான பட்டியல்களை ஆக்க முடியவில்லை. பெரியதில் அதை நீக்கியபின் வழி பிறந்தது.

இவ்வளவும் செய்து இரண்டு வாரம் காத்திருந்தும் மூன்று பிளேலிஸ்ட்டுகள் எங்கும் வரவில்லை. தலைப்பை மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் அவை Private. போனில் வீடியோவைச் சேமிக்கும்போது அவசரத்தில் உருவாக்கியவை, யாரும் பொதுவாக மாற்றவில்லை. சேனல் சொந்தக்காரராக உள்ளே இருந்து பார்த்தால் எல்லாம் இருப்பது போலவே தெரியும். அதனால் தலைப்பைத் தொடுவதற்கு முன்பே, லாகின் இல்லாத விண்டோவில் சேனலைத் திறந்து பிளேலிஸ்ட்டுகளை எண்ணுங்கள்.

பலனை அளப்பதில் ஒரு சிரமம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நாங்கள் இயக்க விதிகள், ஒளியியல் இரண்டை மட்டும் முதலில் மாற்றி, மற்றவற்றோடு ஒப்பிட்டோம். அந்த இரண்டிலும் பிளேலிஸ்ட் வழியாக வரும் பார்வை கண்கூடாக ஏறியது. பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் வருவதால் அதற்கு முந்தைய மாதங்களில் எல்லாமே ஏறும். நவம்பரையும் பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்து மகிழ்ந்துவிடக் கூடாது. ஒரே வாரத்தில் மாற்றியதையும் மாற்றாததையும் பக்கத்தில் வையுங்கள். சேனல் விவரிப்பை மாற்றியதால் மட்டும் வீடியோக்கள் தேடலில் மேலே வந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. அது வந்தவரை நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். வீடியோ தலைப்புகளே மோசமாக இருந்தால் இந்த வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். எங்கள் வேதியியல் வீடியோக்களில் பாதிக்கு அந்த வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.