48 கிலோலிட்டரை ஒரே மாதத்தில் குடித்த வீடு

தண்ணீர் பில்லைப் பிரித்துப் பார்த்ததும் முதலில் பக்கத்து வீட்டு பில் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இணைப்பு எண் எங்களுடையதுதான். தொகை மட்டும் வழக்கத்தைவிட எட்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதைச் சரிசெய்ய நான்கு தடவை அலைந்தேன். அதில் இரண்டு தடவை போனது வீண். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு வீண் அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

கட்டணம் எங்கும் ஒன்றாக இருக்காது என்பதால் பணத்தைச் சொல்லாமல், முதல் கட்டத்தில் ஒரு கிலோலிட்டரின் விலையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கட்டண அட்டவணைப்படி மாதம் 10 கிலோலிட்டர் வரை ஒரு பங்கு. அடுத்த 10க்கு இரண்டு பங்கு, அதற்கடுத்த 10க்கு நான்கு பங்கு, 30ஐத் தாண்டினால் ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் ஆறு பங்கு. இப்படி வருகிற நீர்க்கட்டணத்தில் 30 சதவீதம் கழிவுநீர்க் கட்டணம். நாங்கள் மாதம் சுமார் 16 கிலோலிட்டர் செலவழிப்போம். முதல் 10க்கு 10 பங்கு, மீதி 6க்கு 12 பங்கு, ஆக 22. கழிவுநீருக்கு 6.6. மொத்தம் 28.6 பங்கு.

வந்த பில்லில் இருந்தது 231.4.

பயன்பாடு என்ற இடத்தில் 48 கிலோலிட்டர் என்று போட்டிருந்தது. மீட்டர் எடுப்பவர் சிவப்பு எண்களையும் சேர்த்துப் படித்துவிட்டாரோ என்றுதான் முதல் சந்தேகம். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதாவது கிலோலிட்டர். சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. பில்லில் சேர்கிறது கறுப்பு மட்டும்தான். போய்ப் பார்த்தால் மீட்டரில் 1334 ஓடிக்கொண்டிருந்தது, பில்லில் 1332. சரியாகத்தான் எடுத்திருக்கிறார்.

அந்த வாரமே அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பில்லைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "லீக்கேஜ் இருக்கும் சார். பிளம்பரை வச்சுப் பாருங்க. அதுக்குள்ள பில்லைக் கட்டிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்." நானும் நம்பி வீட்டுக்கு வந்து கசிவு தேட ஆரம்பித்தேன். முதல் வீண் பயணம் இதுதான்.

தேடியதில் ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முகப்பில் இருக்கும் நட்சத்திரம் போன்ற சின்னச் சக்கரத்தைக் கவனிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகப் போனாலும் அது நகரும். எங்கள் வீட்டில் அது மெதுவாகச் சுற்றியபோது வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் தரைத்தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தொட்டி இருக்கும் வீட்டில் குழாய்களை மூடினால் மட்டும் போதாது. தொட்டிக்குள் போகும் வால்வையும் மூடினால்தான் சோதனை செல்லும். மூடியதும் சக்கரம் நின்றது. அது மீட்டருக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட குழாய்க்கான சோதனை. தொட்டிக்கு இன்னொன்று: இரவு வால்வைத் திறந்து தொட்டி முழுக்க நிரம்பியதும் சிவப்பு எண்களைப் படம் எடுத்துவைத்து, மோட்டார் போடாமல், காலையில் ஒப்பிட்டேன். ஓர் எண்கூட மாறவில்லை. மிதவை வால்வு சரியாக அடைகிறது, தொட்டியிலும் ஓட்டை இல்லை.

கசிவு இல்லையென்றால் 48 எங்கிருந்து வந்தது? பழைய பில்களை எடுத்து வரிசையாக வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. முந்தைய இரண்டு பில்லிலும் முந்தைய அளவு, இப்போதைய அளவு இரண்டுமே 1284. ஆனால் பயன்பாடு 15 கிலோலிட்டர் என்று இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'சராசரி'. பகலில் வீட்டில் ஆள் இல்லாமல் கேட் பூட்டியிருந்ததால் மீட்டர் எடுக்காமல், சராசரியாக ஒரு தொகை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தொகை வழக்கம்போல் இருந்ததால் நானும் கேள்வி கேட்காமல் மாதம் 26 பங்கு கட்டியிருக்கிறேன். தப்பில் எனக்கும் பங்குண்டு.

ஆக 1332இல் 1284 போக மிச்சமுள்ள 48 கிலோலிட்டர், மூன்று மாதத் தண்ணீர். அதை ஒரே மாதத்தில் செலவழித்ததாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படிச் செய்தால் கட்டம் கட்டமாக ஏறும் விலை எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். முதல் 10க்கு 10 பங்கு, அடுத்ததுக்கு 20, அதற்கடுத்ததுக்கு 40, மிச்சம் 18 கிலோலிட்டருக்கு தலா ஆறு வீதம் 108. கூட்டினால் 178. கழிவுநீர் 53.4 சேர்ந்து 231.4. அதே தண்ணீரை மாதத்துக்கு 16ஆகப் பிரித்திருந்தால் மூன்று மாதத்துக்கும் நீர்க்கட்டணம் 66தான், கழிவுநீரோடு 85.8. நாங்கள் நான்கு பங்கு, ஆறு பங்கு கட்டங்களை எட்டிப் பார்த்ததே கிடையாது. தண்ணீர் மூன்று மடங்கு, பில் எட்டு மடங்கு என்ற புதிருக்கு விடை இதுதான்.

இரண்டாவது தடவை மூன்று பில்லோடும் போனேன். இந்த முறை பில் பிரிவில் வேறொருவர். சராசரி பில்லைக் காட்டியதும், "சரி, ஏற்கெனவே கட்டின 52ஐக் கழிச்சிடறேன்" என்றார். 179.4 ஆகக் குறைந்தது. அவர் பெரிய சலுகை செய்த முகத்தோடு நிமிர்ந்தார். இங்கேதான் பலர் நன்றி சொல்லிக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கட்டிய பணத்தைக் கழிப்பது ஒன்று, கட்டங்களை விரிப்பது வேறொன்று. மூன்று மாதத் தண்ணீர் என்றால் 10 கிலோலிட்டர் கட்டம் 30 ஆக வேண்டும், 20 வரை இருந்தது 60 வரை போக வேண்டும். அப்படிப் போட்டால் 48இல் 30 முதல் கட்டத்திலும் 18 இரண்டாவது கட்டத்திலும் உட்காரும். 30ம் 36ம் 66, கழிவுநீரோடு 85.8. கட்டிய 52ஐ அதற்கப்புறம் கழிக்க வேண்டும். நான் கட்ட வேண்டியது 33.8.

இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் போடறது சார்" என்றார். விடாமல் நின்றதால் மேலதிகாரி அறைக்கு அனுப்பினார். அவர் திரையைத் திருப்பிக் காட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. 'மாதங்கள்' என்று ஒரு கட்டம், அதற்குள் 1. அத்தனையும் அந்த ஒன்றால்தான்.

ஆனால் உடனே மாற்றிவிடவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "மூணாவது மாசம் மட்டும் நிறைய ஓடியிருந்தா? அப்ப மூணாப் பிரிக்கறது எப்படி?" உண்மைதான். கடைசி மாதத்தில் குழாய் உடைந்து ஓடியிருந்தால் அந்த உயர்ந்த கட்டங்கள் நியாயமாகவே விழும். எனக்கு அதிர்ஷ்டம், இடையில் மோட்டார் ரிப்பேர் நடந்தபோது மீட்டரைப் போனில் படம் எடுத்திருந்தேன். சராசரி போட்ட முதல் மாதத்தின் முடிவில் எடுத்த படம், தேதியோடு. கறுப்பு எண்கள் 1300. அதாவது முதல் மாதம் 16, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 32. இரவு எடுத்த சிவப்பு எண் படங்களையும் காட்டினேன். மனு எழுதச் சொன்னார், எழுதினேன்.

அன்றே இன்னொன்றும் செய்தேன். கெடு தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கவுண்டரில் பகுதித் தொகை வாங்க மாட்டோம் என்றார்கள். மனுவின் ஓரத்தில், தகராறு இல்லாத 33.8ஐ இப்போது பெறலாம் என்று அதிகாரியிடம் ஒரு வரி எழுதி வாங்கியதும் வாங்கிக்கொண்டார்கள். ரசீதும் கிடைத்தது. வாயால் சொன்னது எதுவும் அந்தக் கவுண்டரைத் தாண்டி உள்ளே போகவில்லை.

திருத்திய பில் வாங்கப் போனது மூன்றாவது தடவை. நீர்க்கட்டணம் 66 என்று அழகாக இருந்தது. அடுத்த வரியில் கழிவுநீர்க் கட்டணம் அப்படியே 53.4! 66க்கு 30 சதவீதம் என்றால் 19.8 வர வேண்டும். கேட்டதற்கு, "நீங்க நீர்க்கட்டணத்தைத்தானே திருத்தச் சொன்னீங்க" என்று பதில். மனுவில் உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தேன். கழிவுநீர்க் கட்டணம் தானாக இறங்கும் என்று நினைத்தது என் தப்பு. அது நீர்க்கட்டணத்தின் நிழல்தான், ஆனால் அவர்கள் பதிவில் தனி வரி. நீங்கள் மனு எழுதினால் இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள், வர வேண்டிய தொகையையும் எழுதுங்கள். அன்றைய பயணம் வீண். புது மனு, மறுபடி காத்திருப்பு.

நான்காவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. 66, 19.8, கழித்தது 52, கட்டியது 33.8, நிலுவை பூஜ்யம்.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் மீட்டரைப் படம் எடுத்துவிடுகிறேன். கேட் பூட்டியிருக்கும் நாட்களில் மீட்டர் எண்ணை அட்டையில் எழுதி வெளியே தொங்கவிடுகிறேன். பில் வந்ததும் தொகைக்கு முன்னால் இரண்டு இடத்தைப் பார்க்கிறேன்: 'சராசரி' என்று இருக்கிறதா, இரண்டு அளவுகளுக்கும் நடுவே எத்தனை நாள். 30 நாளுக்குப் பதில் 36 நாள் கழித்து எடுத்தால்கூட அந்த ஆறு நாள் தண்ணீர் மேல் கட்டத்தில் போய் விழும். எங்களுக்கு அது இரட்டை விலை.

அடுத்த மாத பில் 'அளவீடு' என்ற முத்திரையோடு 17 கிலோலிட்டருக்கு வந்தது. நிம்மதியாகப் படித்துக்கொண்டே வந்தால் கடைசியில் தாமதக் கட்டணம் என்று ஒரு வரி. எந்தத் தொகைக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பழைய 231.4க்கு. பையில் ரசீது நகலை எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை போக வேண்டும்.