நாலாவது வரி

அந்த ரிப்போர்ட் மொத்தமே நாலு வரி. ராணிப்பேட்டை சிப்காட்டில் எங்கள் மின் பேனல் யூனிட்டுக்கு வந்து இறங்கிய 480 எம்சிபி பற்றியது. ஓவர்லோடோ ஷார்ட்டோ வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச் அது. மேனேஜர் அன்று சென்னையில் இருந்தார். "போட்டோ எடுத்து நாலு வரி எழுதி அனுப்புங்க, அதுக்கு மேல படிக்க நேரமில்ல" என்றார். நாலே வரிதான் எழுதினேன். இன்றைக்கும் அதை மனசுக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

முதல் வரி: முகப்பில் 'C16A' என்று அச்சாகியிருக்கிறது. 'C16' என்பதோடு நிற்க வேண்டும். ஐஎஸ்/ஐஇசி 60898-1 தரப்படி அங்கே A வராது. இரண்டாவது: 6000 என்ற எண்ணைச் சுற்றி இருக்க வேண்டிய கட்டம் இல்லை. மூன்றாவது: தராசில் வைத்து எடுத்த படம். பழைய சரக்கில் ஒன்று 112 கிராம், இது 94. உள்ளே தீப்பொறியை அணைக்கும் தகடுகள் குறைவாக இருக்கலாம் என்று தோன்றியது, ஆனால் அதை எழுதவில்லை. பிரித்துப் பார்த்தால் சப்ளையர் திரும்ப எடுக்க மாட்டார்.

நாலாவது வரிதான் வினை. ஐஎஸ்ஐ முத்திரையின் கீழிருந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டேன். அசல் கம்பெனி பெயரே வந்தது. போலி அடிப்பவன் எண்ணை மட்டும் ஏன் மாற்றப்போகிறான்? அதுவும் தெரியும். இருந்தும், "உரிம எண் சரி. படத்தை வைத்து மட்டும் போலி என்று சொல்ல இயலாது" என்று முடித்தேன்.

உடனே போன். "அப்போ ஓகேதானே?"

"சந்தேகம் இருக்கு சார்."

"எண் சரின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஓடவிட்டுப் பாருங்க."

16 ஆம்பியருக்கான அந்த எம்சிபியில் ஒன்றை எடுத்து 23.2 ஆம்பியர் ஏற்றினேன். ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிப் ஆகி விழ வேண்டும். நாற்பது நிமிடத்தில் விழுந்தது. அது ஓவர்லோடைத்தான் சொல்லும். 6000 ஆம்பியர் ஷார்ட் வந்தால் தாங்குமா என்று பார்க்க எங்களிடம் வசதி கிடையாது. இதைச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது ஞாபகமில்லை.

60 எம்சிபி பேனலில் ஏறி வெளியே போய்விட்டது. மீதி 420-ஐ இரண்டு வாரம் கழித்து சப்ளையர் பேசாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, மேனேஜரும் கேட்கவில்லை.

நான் எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது இன்ஸ்பெக்டர் வேலையுமில்லை. ஆனால் எடைப் படத்தைக் கடைசியில் வைத்து, "நிறுத்தி வைக்கவும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்திருக்கலாம். அதற்கு எனக்கு அதிகாரமும் இருந்தது. அன்று யார் கோபத்துக்குப் பயந்தேன் என்றே தெரியவில்லை, சார் கத்துகிறவர் அல்ல.

அந்த 60-ல் ஒன்றாவது எரிந்ததாகத் தகவல் இல்லை. ஷார்ட் ஆகிற நாள் வரை எல்லா எம்சிபியும் நல்ல எம்சிபிதான். காட்பாடி பக்கம் போகும்போது, பேனல் போன அந்த அரிசி ஆலை வாசலைப் பார்க்காமல் வண்டி ஓட்டுவதில்லை.