ஆறாம் வாரத்துக்குள் நுழைந்தாச்சு

எட்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி மூன்று சுற்று. பன்னிரண்டு வாரத் திட்டத்தின் ஆறாம் வாரம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஓடிக்கொண்டே பக்கத்தில் வந்தவருக்கு முழு வாக்கியத்தில் பதில் சொன்னேன், கொஞ்சம் பெருமைதான்.

ஓட்டத்தைவிட என்னைப் படுத்தியது காலண்டர் நினைவூட்டல். செவ்வாய், வியாழன், ஞாயிறுக்கு வழக்கமாகப் போடுகிற விதி இதுதான்:

```
FREQ=WEEKLY;BYDAY=TU,TH,SU;COUNT=36
```

பன்னிரண்டு வாரத்துக்கு 36 ஓட்டம், கணக்கு சரி. ஆனால் ஏதாவது ஒரு வாரத்தைத் திரும்ப ஓட வேண்டி வந்தால் கடைசி வாரத்துக்கு மணியே அடிக்காது. அதனால் `COUNT` பகுதியை எடுத்துவிட்டேன். நினைவூட்டலில் வார எண்ணும் கிடையாது, வெறும் 'ஓட்டம்' மட்டும். காலண்டர் ஆறாம் வாரம் என்று சொல்லும்போது கால் ஐந்தில் நிற்கலாமே! அன்றைக்கு என்ன ஓட வேண்டும் என்பது ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் இருக்கிறது.

அந்தத் தாளில் அடுத்த கட்டத்துக்கு நகரலாமா என்று முடிவு செய்வது ஓட்டத்துக்கு மறுநாள் காலை வரும் கேள்விதான். முதலில் அதைச் சாயங்காலம் வைத்திருந்தேன், பிரயோஜனமில்லை. பகலெல்லாம் நடந்து கால் சூடேறியிருக்கும், எல்லாம் சரி என்றே பதில் வரும். இப்போது படுக்கையை விட்டு எழுந்ததும் வருகிறது. மாடிப்படியில் இறங்கும்போது வலிக்கிறதா? முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா?

ஐந்தாம் வாரத்தில் (ஐந்து நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, நான்கு தடவை) இரண்டுக்கும் 'ஆமாம்'தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு நெடுக, நாலு விரல் அகலத்துக்கும் கூடுதலாகப் பரவிய வலி, ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் மட்டுப்படும். புதிதாக ஓடுகிறவர்களுக்கு வருகிற வழக்கமான கணைக்கால் எலும்பு வலி இது. விரல் நுனி அளவு ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தாலோ கதை வேறு. எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு அப்படியில்லை என்பதால் நான்காம் வாரத்துக்கு இறங்கினேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கல் பாவிய நடைபாதையை விட்டுத் தாரில் ஓடினேன். விடிகாலையில் அங்கே வண்டி விடுவதில்லை, நடுரோடு நமக்குத்தான். காலைக் கேள்வி இரண்டுக்கும் 'இல்லை' என்று வந்தபிறகுதான் தாளில் மேலே நகர்ந்தேன்.

ஷூ கடைக்காரர் மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு ஜோடியைத் தலையில் கட்டப் பார்த்தார். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமில்லை, வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஆரோவில் மாரத்தானில் பத்து கிலோமீட்டர் ஓடும் ஆசை வேறு வந்திருக்கிறது. அது செம்மண் பாதை, மரத்து வேர் தட்டும். அதற்குத் தனி ஷூ வேண்டுமா என்று இப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆறாம் வாரத்தின் ஞாயிறு ஓட்டமே இன்னும் பாக்கி.