மின்தடை நோட்டீஸில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று எழுதுங்கள்

தண்டையார்பேட்டையில் ஐந்து மாடி, இரண்டு பிளாக், 40 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு மேலாளராக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது, பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளுக்கு முந்தின நாள், செய்தித்தாளில் வந்த அறிவிப்பை வெட்டி லிப்ட் பக்கத்தில் ஒட்டிவிடுவதுதான் வழக்கம். காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை, வேலை முன்னதாக முடிந்தால் முன்பே மின்சாரம் வரும், கீழே தெருப் பெயர்கள், அவ்வளவுதான். மின்வாரியம் சொல்ல வேண்டியதை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் நம் கட்டடத்தில் எது எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை வாரியம் சொல்ல முடியாது, அதை நாம்தான் எழுத வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது, நம் கட்டடம் உண்மையில் அந்த மின்தடையில் வருகிறதா என்பது. அறிவிப்பில் தெருப் பெயர் இருந்தாலும் ஒரே தெருவில் இந்தப் பக்கத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் லைன் ஒன்று, அந்தப் பக்கத்துக்கு வேறு ஒன்று என்று இருக்கலாம். அதனால் சர்வீஸ் நம்பரை எழுதி எடுத்துக்கொண்டு வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் நேராகவே கேட்டுவிடுவேன். கூடவே, வெறும் பராமரிப்பா, கேபிள் இணைப்பைக் கழற்றி மாட்டும் வேலையா என்றும் கேட்பேன். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டியில் இருப்பதுதான் இருப்பு. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 160 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 21,600 லிட்டர் வேண்டும். எங்கள் தொட்டி பிளாக்குக்கு 10,000 வீதம் 20,000 லிட்டர். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் குளியல், சமையல் எல்லாம் முடியும்போது பாதி காலியாகிவிடும். வழக்கமாக அடுத்து மோட்டார் போடுவது 11 மணிக்கு. ஆக, யாரும் எதுவும் செய்யாவிட்டால் 9 மணி மின்தடை அன்றைக்கு மதியம் சமையலறைக் குழாயில் தெரியும். பாத்திரம் தேய்க்க வருபவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள்.

இதற்கு வழி எளிது. எங்கள் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 200 லிட்டர் ஏற்றும். 7.45க்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் குறைந்த தண்ணீர் முழுக்க ஏறிவிடும், 9 மணிக்குத் தொட்டி விளிம்பு வரை நிற்கும், மதியம் 2 மணியைத் தாண்டியும் வரும். அதற்குக் கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்க வேண்டும், அதனால் லாரி சொல்ல வேண்டியிருந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கணக்கை நம்பி "தண்ணீர் வழக்கம்போல் வரும்" என்று எழுதி ஒட்டியிருந்த ஒரு நாளில்தான் பி பிளாக் ஐந்தாம் மாடி அம்மா போன் செய்தார். "தம்பி, தண்ணி வரும்னு போட்டிருக்கீங்க, இங்க நூல் மாதிரி வருது, ரெண்டு சின்னப் பசங்க குளிக்காம நிக்குதுங்க." தொட்டியில் நிறைய தண்ணீர் இருந்தது. ஆனால் கடைசி மாடி தொட்டிக்கு நேர் கீழே இருப்பதால் அங்கே இயல்பான அழுத்தம் மிகவும் குறைவு, அந்த மாடிக்கென்று தனியாக ஒரு பிரஷர் பம்ப் வைத்திருக்கிறோம், அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் இல்லாதபோது கீழ் மாடிகளுக்கு வரும் வேகத்தில் தண்ணீர் அங்கே வராது என்பது பிளம்பர் அண்ணனுக்குத் தெரியும், எந்த நோட்டீஸிலும் இல்லை. அதேபோல் வீடுகளில் இருக்கும் ஆர்ஓ எந்திரமும் நின்றுவிடும், குழாயில் தண்ணீர் வந்தாலும் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

இப்போது நாங்கள் ஒட்டும் நோட்டீஸ் இப்படி இருக்கும், தேதியும் கிழமையும் மேலே பெரிதாக:

"காலை 9 முதல் மதியம் 2 வரை மின்சாரம் இருக்காது. குழாய்த் தண்ணீர் நிற்காது. ஐந்தாம் மாடியில் மட்டும் மெதுவாக வரும், குளிப்பதை 8.45க்குள் முடித்துக்கொள்ளவும், இரண்டு வாளி பிடித்து வைக்கவும். குடிதண்ணீர் எல்லா வீடுகளிலும் முன்பே பிடித்து வைக்கவும். லிப்ட் 8.55க்கு நிறுத்தப்படும், 9.10 முதல் ஜெனரேட்டரில் ஏ பிளாக் லிப்ட் மட்டும் ஓடும். பி பிளாக்கில் மாடி ஏற முடியாதவர்கள் ஏ பிளாக்கில் ஏறி மொட்டைமாடி வழியாக இறங்கி வரலாம், மொட்டைமாடிக் கதவு திறந்திருக்கும். வீட்டில் மூச்சுக்கருவி உள்ளவர்கள் இன்று மாலைக்குள் அலுவலகத்தில் சொல்லவும்."

மொட்டைமாடி வழி ஐந்தாம், நான்காம் மாடிக்காரர்களுக்குத்தான் உதவும், முதல் மாடி, இரண்டாம் மாடிக்கு நேராகப் படியேறுவதே சுலபம். லிப்டை ஐந்து நிமிடம் முன்னதாக நிறுத்துவதைச் சிலர் தேவையில்லாத கெடுபிடி என்கிறார்கள். மின்சாரம் போனால் பேட்டரியில் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவு திறக்கும் வசதி லிப்டில் உண்டுதான், ஆனால் அந்த பேட்டரி செத்துக் கிடப்பது அந்த நேரத்தில்தான் தெரியவரும். அதனால் முந்தின நாளே ஆளில்லாத லிப்டை இரண்டு மாடிக்கு நடுவில் போகவிட்டு மெயினை நிறுத்திச் சோதித்துவிடுகிறோம்.

மூச்சுக்கருவி விஷயத்தை நோட்டீஸில் சேர்க்கச் சொன்னவர் எங்கள் காவலாளி. மூன்றாம் மாடிப் பெரியவருக்கு ஆக்சிஜன் செறிவூட்டி ஓடுவது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்கள் பதிவேட்டில் இல்லை. இப்போது அந்த வீட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து ஒரு பிளக் பாயிண்ட் தனியாக இழுத்திருக்கிறோம், ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று அவர்கள் சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மின்சாரம் திரும்பி வரும் நேரம்தான் நோட்டீஸில் யாரும் யோசிக்காத பகுதி. விளக்கு எரிந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். கேபிளைக் கழற்றி மாட்டும் வேலை நடந்திருந்தால் மூன்று ஃபேஸின் வரிசை மாறியிருக்க வாய்ப்பு உண்டு. வரிசை மாறினால் விளக்கு, விசிறி எல்லாம் ஒழுங்காக ஓடும், ஒரு வித்தியாசமும் தெரியாது, மூன்று ஃபேஸ் மோட்டார் மட்டும் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், தண்ணீர் சரியாக ஏறாது. பக்கத்துக் கட்டடம் ஒன்றில் இதைக் கண்டுபிடிக்காமல் சம்ப்பில் தண்ணீர் இல்லையென்று நினைத்து லாரி வரவழைத்தார்கள். எங்களுக்கு இதில் லிப்ட்தான் எச்சரிக்கை. அதன் பேனலில் ஃபேஸ் வரிசையைப் பார்க்கும் ரிலே இருக்கிறது, வரிசை மாறினால் லிப்ட் நகராது. அதனால் முதலில் மீட்டரில் மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சரியா என்று பார்ப்போம், பிறகு லிப்டை வாரிய மின்சாரத்துக்கு மாற்றுவோம், அது ஓடினால்தான் மோட்டார். லிப்ட் ஓடவில்லை, வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்றால் வரிசைதான். உடனே பிரிவு அலுவலகத்துக்குச் சொல்வோம். நம் பக்கம் இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிப் போட்டாலும் சரியாகிவிடும், ஆனால் வாரியம் மறுபடி திருத்தினால் திரும்பத் தலைகீழாகும், ஆகவே கேட்காமல் கை வைப்பதில்லை.

இதெல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகும். அதனால் நோட்டீஸில் "மின்சாரம் 2 மணிக்கு, பி பிளாக் லிப்டும் ஐந்தாம் மாடித் தண்ணீரும் 2.30க்கு" என்று பிரித்தே போடுகிறோம். மின்சாரம் 12.30க்கே வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போகும். குழுவில் இல்லாத பெரியவர்களுக்குக் காவலாளி போய்ச் சொல்வார். அன்றைக்கு சாயங்காலமே நோட்டீஸைக் கிழித்துவிட வேண்டும், லிப்ட் பக்கத்தில் இருப்பதையும், வேலைக்கு வருபவர்களுக்காக கேட்டில் ஒட்டியதையும் சேர்த்து. ஒருமுறை கேட்டில் இருந்ததைக் கிழிக்காமல் விட்டதில், அடுத்த செவ்வாய்க்கிழமையும் மின்தடை என்று நினைத்து நாலு வீட்டில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து வைத்து, எட்டரை மணிக்கே தொட்டி காலியாகிவிட்டது.